கையில் மாவுக்கட்டோடு அம்மாவுக்கு ஒரு வீடியோ: ஒன்றரை நிமிஷத்தில் எதைச் சொல்வது?

"அண்ணே, எனக்கு ஊர் ராமேஸ்வரத்துக்கு முன்னால இருக்குற மண்டபம் பக்கம். ஷார்ஜாவுல சாரம் கட்டுற வேலை. போன வாரம் தவறி விழுந்து இடது மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. போன மாசச் சம்பளமும் வரல. வீட்டுல இன்னும் எதுவும் சொல்லல. போன்ல சொன்னா அம்மா அழுதுரும், எனக்கும் பேச்சு வராது. அதான் சின்னதா ஒரு வீடியோ எடுத்து அனுப்பலாம்னு இருக்கேன். உண்மையைச் சொல்லணும், பயமும் காட்டக் கூடாது. எதைச் சொல்றது, எதை விடுறது?"

தம்பி, இன்றைக்கே எடுத்து அனுப்புங்கள். நம் கடற்கரை ஊர்களில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் வெளிநாடு போகிறார்கள். வேதாளை என்றாலும் பெரியபட்டினம் என்றாலும் தங்கச்சிமடம் என்றாலும், ஒரே கேம்ப்பில் நம் ஊர்ப் பையன் இன்னொருவன் இருப்பான். அவன் தன் வீட்டுக்குப் பேசும்போது உங்கள் கையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டான். அது மீன் ஏலம் விடும் இடத்திலோ தண்ணீர்க் குழாயடியிலோ உங்கள் அம்மா காதுக்குப் போகும்போது, மணிக்கட்டு என்பது கையே போய்விட்டது என்று ஆகியிருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு உண்மையாகப் பேசினாலும், பாதியை மறைக்கிறான் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

நானும் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். இப்போது உச்சிப்புளிப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பிள்ளை அனுப்பிய வீடியோ திறக்கவில்லை என்று பெற்றவர்கள் போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திறந்து கொடுத்தால் கடையிலேயே நின்று பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கிறவர்களை நான் கவனித்து வந்திருக்கிறேன். முதல் தடவை யாரும் பேச்சைக் கேட்பதில்லை. கண் உடம்பில்தான் இருக்கும். இளைத்திருக்கிறானா, கண் உள்ளே போயிருக்கிறதா, ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்று பார்ப்பார்கள். இரண்டாவது தடவைதான் வார்த்தை காதில் விழும். ஆகவே கட்டுப் போட்ட கையைக் கேமராவில் தெரியாமல் வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். தோள் இருக்கும் நிலையை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவார். முதல் நொடியிலேயே முகமும் மாவுக்கட்டும் சேர்ந்து தெரியட்டும்.

அடிபட்ட சேதியை எங்கே வைப்பது என்பதுதான் இதில் முக்கியம். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வெயில் அதிகம் என்று ஒரு நிமிஷம் போய்விட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். கையில் கட்டைப் பார்த்துவிட்ட தாய்க்கு அந்த ஒரு நிமிஷமும் எதுவும் காதில் ஏறாது. உயிருக்கு ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு வரி, உடனே என்ன நடந்தது என்று ஒரு வரி. இரண்டும் முதல் பதினைந்து நொடிக்குள் வந்துவிட வேண்டும். அப்புறம், எது உடையவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சாரத்திலிருந்து விழுந்தான் என்றதும் பெற்றவர்கள் மனது தலைக்கும் முதுகெலும்புக்கும்தான் போகும். கேள்வி கேட்க அவர்கள் எதிரில் இல்லை என்பதால் அந்தப் பதிலை நீங்களே கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் நிலைமையை வைத்து ஒன்று எழுதிப் பார்த்தேன். நிதானமாகப் பேசினால் ஒன்றரை நிமிஷத்துக்குள் முடியும்.

"அம்மா, அப்பா, நான்தான். நல்லா நடக்குறேன், பேசுறேன், பாருங்க. ஒரு விஷயம் சொல்லணும். போன வியாழக்கெழமை வேலையில சாரத்துலேர்ந்து தவறி விழுந்துட்டேன். இடது கை மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சிருக்கு. தலையிலயும் முதுகுலயும் அடி இல்ல, ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்துட்டாங்க. ஆபரேஷன் கெடையாது, மாவுக்கட்டுதான். ஆறு வாரம் இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மொத ரெண்டு மூணு நாள் ராத்திரி நல்லா வலிச்சுச்சு. இப்பக் கொறஞ்சிருக்கு. விரலை ஆட்டுறேன், பாரும்மா. ரூம்ல இருக்குற பசங்க சோறு வாங்கிக் கொடுக்குறாங்க, வலது கையால நானே சாப்பிடுறேன்.

போன மாசச் சம்பளம் இன்னும் வரல. அதனால இந்த மாசம் பணம் அனுப்ப முடியாது. அதை அப்பாகிட்ட ஞாயித்துக்கெழமை தனியாப் பேசுறேன்.

அப்பா, கச்சான் காத்து இன்னும் அடங்கலேன்னு தங்கச்சி சொன்னா. பணம் வரலேன்னு காத்துக்குள்ள வள்ளத்தை எறக்காதீங்க. அம்மா, பாசி எடுக்கப் போனப்பக் கால்ல கிழிச்சதே, அது ஆறிடுச்சா? உன் வாயால பேசி அனுப்பு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நம்ம ஊரு நேரம் ஆறரைக்குக் கூப்புடுறேன்."

அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டில் நீங்கள் பேசுகிற பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள். என்னென்ன விஷயம், எந்த வரிசை என்பதை மட்டும் ஒரு தாளில் ஐந்தாறு சொல்லாக எழுதி, கேமராவுக்குக் கொஞ்சம் மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். முழுசாக எழுதிப் படித்தால் கண் இடமும் வலமும் ஓடும். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறான் என்று அப்பா சந்தேகப்படுவார்.

வலித்தது என்று சொல்லும் வரியை எடுத்துவிடாதீர்கள். எலும்பு முறிந்தால் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வலியே இல்லை என்றால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். வலித்தது, இப்போது குறைந்திருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும். விரலை ஆட்டிக் காட்டச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. மாவுக்கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ கட்டு இறுக்குகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் வீடியோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தேதி சொல்லும்போது மிகவும் கவனம் வேண்டும். உங்கள் கையில் இருக்கிற தேதியை மட்டும் வாக்காகக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குக் கூப்பிடுவது உங்கள் கையில் இருக்கிறது. சம்பளம் ஐந்தாம் தேதி வந்துவிடும் என்பது கம்பெனி கையில் இருக்கிறது. மேலாளர் சொன்னார் என்று அதை நீங்கள் சொன்னால், அப்பா அதை நம்பிக் கடன்காரரிடம் ஐந்தாம் தேதி என்று வாக்குக் கொடுத்துவிடுவார். பணம் வராமல் போனால் ஊரில் அவர்தான் தலைகுனிந்து நிற்க வேண்டும். கட்டுப் பிரிப்பதைக்கூட "டாக்டர் சொல்லியிருக்காரு" என்று சேர்த்தே சொல்லுங்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வாரம் என்று தள்ளிப்போடுவது சாதாரணமாக நடக்கும்.

வெயில் பற்றி அம்மா கேட்பார் என்றால் ஒரு வரி சேர்க்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. "மத்தியானம் வெயில்ல வேலை கெடையாதும்மா" என்பது உங்கள் தளத்தில் உண்மையாக இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

அப்பாவிடம் காற்றையும் அம்மாவிடம் காலையும் கேட்டதை அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம். இது ஆடி மாதம். பணம் வராது என்று கேட்டதும் காற்றைப் பார்க்காமல் வள்ளத்தை இறக்கும் தகப்பன்மார் நம் கரையில் இருக்கிறார்கள். அதனால் பணப் பேச்சு முடிந்ததும் அடுத்த வரியே அதுவாக இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பதில் சொல்ல ஒரு கேள்வி கொடுத்தால் அழுகை முடிந்ததும் பேச ஒரு விஷயம் இருக்கும். கேள்வி குறிப்பாக இருக்கட்டும். "எப்படி இருக்க" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும், அவரும் உங்களிடம் மறைப்பார்.

எடுப்பது பற்றிக் கொஞ்சம். நீங்கள் சொல்வது அவர்கள் காதில் விழ வேண்டும், அதுதான் முதல் தேவை. கேம்ப் அறையில் ஏசி ஓடினால் அந்த இரைச்சல் முழுவதும் பதிவாகும். ஒன்றரை நிமிஷம் அணைத்துவிடுங்கள். மொட்டைமாடிக்குப் போனால் காற்று மைக்கில் மோதி இரையும். படிக்கட்டில் எதிரொலிக்கும். மெத்தையும் போர்வையும் துணியும் இருக்கிற சின்ன அறைதான் குரலுக்கு நல்லது. பெரும்பாலான போன்களில் மைக் கீழ் விளிம்பில் இருக்கும். ஒரு கையால் பிடிக்கும்போது அதை விரல் மூடிக்கொள்ளும். உங்களுக்கு இப்போது ஒரு கைதான் என்பதால் போனை எதிலாவது சாய்த்துக் கண் உயரத்துக்கு வைத்து, ஒரு முழம் தள்ளி உட்காருங்கள். ஜன்னல் உங்களுக்கு எதிரில் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்து விழும், கறுத்துப் போய்விட்டான் என்று அதற்கு ஓர் அழுகை நடக்கும். திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேலே இருக்கும் லென்ஸ் புள்ளியைப் பார்த்துப் பேசுங்கள்.

பின்னால் யார் தெரிகிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள். அறையில் இருக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுப்பது அந்த நாட்டில் குற்றம். விழுந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று வேலைத் தளத்துக்குள் போய் எடுக்காதீர்கள். கம்பெனி பெயரைச் சொல்லித் திட்டுவதும் வேண்டாம். 2021-இல் வந்த இணையக் குற்றச் சட்டத்தின்படி அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பலாம். வீட்டுக்கு மட்டும்தானே அனுப்புகிறேன் என்று நினைப்பீர்கள். அம்மா சித்தியிடம் காட்டுவார், சித்தி மகன் ஊர் குரூப்பில் போட்டுவிடுவான். இந்த வீடியோ எங்கே வேண்டுமானாலும் போகும் என்று நினைத்துக்கொண்டே பேசுங்கள். பணத்தைப் பற்றி அதில் இரண்டு மூன்று வரி மட்டும் வைத்ததும் அதனால்தான். எவ்வளவு பாக்கி, யாரிடம் கடன், எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேச வேண்டியவை. அந்தப் பேச்சுக்கு முன்னால் அடகு ரசீதில் இருக்கும் தேதியைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்க முடியுமா என்று நேரில் கேட்டு வருவதும் அவரால் ஆகிற வேலை.

ஷார்ஜாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பலாம், ஆனால் அதில் கூப்பிட்டுப் பேச முடியாது. அங்கே இணையக் குரல் அழைப்புக்கு அனுமதி பெற்ற ஆப்கள் மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குப் போட்டிம் மாதிரி அனுமதி உள்ள ஒன்று வீட்டுப் போனிலும் இருக்கிறதா என்று தங்கச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாதாரண ஐ.எஸ்.டி. அழைப்புக்குக் காசு வைத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆப் வேலை செய்யாமல் போனால், வீட்டில் அந்த இரவு யாரும் தூங்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் வீடியோவைச் சாதாரணத் தரத்தில் அனுப்புங்கள், எச்.டி. வேண்டாம். பெற்றவர்கள் போன் பெரும்பாலும் காலை வணக்கப் படங்களால் நிரம்பித்தான் இருக்கும். இடம் இல்லையென்றால் வீடியோ இறங்காது, மங்கலான படத்தின் மேல் அம்புக்குறி மட்டும் நிற்கும். என் கடைக்கு வருவதில் முக்கால்வாசி இந்தக் கோளாறுதான். உங்கள் பக்கம் இரண்டு டிக் வந்துவிட்டது என்றால் செய்தி அந்தப் போனுக்குப் போயிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். நீல டிக் வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்றுதான் தெரியும், வீடியோவைப் பார்த்தார்களா என்று தெரியாது. ஆகவே முதலில் தங்கச்சிக்கு ஒரு வரி போடுங்கள்: "வீடியோ ஒண்ணு அனுப்புறேன், அப்பாவும் அம்மாவும் ஒண்ணா இருக்கறப்ப நீ திறந்து காட்டு, கையில அடி, பயப்படுற மாதிரி இல்ல." அவள் சரி என்ற பிறகு அனுப்புங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். நம் நேரம் உங்களுக்கு ஒன்றரை மணி முன்னால். நீங்கள் சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பதுக்கு அனுப்பினால் இங்கே பத்தரை. அப்பா விடியுமுன் கடலுக்குப் போகிறவர் என்றால் தூங்கியிருப்பார். அம்மா தனியாகப் பார்த்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். உங்கள் நேரம் ஐந்து மணிக்கு அனுப்புங்கள். இங்கே ஆறரை, இருவரும் வீட்டில் இருக்கிற நேரம். அப்பா விசைப்படகில் போகிறவராக இருந்தால் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் வழக்கமாகத் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகிற நாள். மற்ற நாளாகப் பார்த்து அனுப்பலாம். ஆனால் அதற்காக இரண்டு நாள் தள்ளிப்போடாதீர்கள்.

இனி வீடியோவில் சொல்லாமல் நீங்கள் செய்ய வேண்டியது. அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, அதாவது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டப்படி, வேலையில் பட்ட அடிக்கு மருத்துவச் செலவு முதலாளியுடையது. வேலை செய்ய முடியாமல் சிகிச்சையில் இருக்கும் காலத்துக்கு முழுச் சம்பளம் உண்டு. அது ஆறு மாதம் வரைக்கும், அதற்கு மேலும் சிகிச்சை நீண்டால் அடுத்த ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளம். ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, விழுந்த தேதி எழுதிய தாள் எல்லாவற்றையும் படம் எடுத்து, தங்கச்சி போனிலும் ஒரு பிரதி வையுங்கள். சம்பளத்துக்கு அந்த நாட்டு மனிதவள அமைச்சகத்தின் MOHRE ஆப்பில் புகார் கொடுக்கலாம். தமிழில் பேசி வழி கேட்க வேண்டுமென்றால் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம் இருக்கிறது, கட்டணமில்லா எண் 800 46342. வீட்டில் இருப்பவர்கள் அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793 எண்ணில் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது இவற்றில் எதை முடித்தீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள். புகார் கொடுத்தாயிற்று என்றால் புகார் எண்ணைப் படித்துக் காட்டுங்கள், அவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இன்னும் கொடுக்கவில்லை என்றால், என்றைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அது உங்கள் கையில் இருக்கிற தேதி.